நாலடிக்கு ஒரே ஓர் இயைபு: கதைப்பாடல் எழுதத் தொடங்குபவர்களுக்கு

கதைப்பாடல் எழுத உட்காரும் பலர் முதலில் செய்வது, எல்லா அடிகளையும் ஒரே ஓசையில் முடிக்க முயல்வதுதான். நாலு அடி என்றால் நாலும் இயைந்து முடிய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்துப் பாட்டுக்குள் கதை நின்றுபோனது. ஓசைக்குச் சொல் தேடியே பொழுது போனதால், கதையில் அடுத்து என்ன நடக்கிறது என்பதை நானே மறந்துவிட்டேன்.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நூற்றாண்டுகளாக வாய்வழியே வந்த பேலட் எனும் கதைப்பாடல்களில் மிகுதியாகக் காணப்படும் அமைப்பு இதற்கு நேர் எதிரானது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற அறிஞர் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 305 கதைப்பாடல்கள் உள்ளன. பல பாடல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாடவடிவங்களும் உண்டு. அவற்றில் நிறையப் பாடல்கள் நாலடிக் கண்ணிகளாக நடக்கின்றன. இரண்டாம் அடியும் நான்காம் அடியும் மட்டும் ஒரே ஓசையில் முடியும். முதலாம் அடியும் மூன்றாம் அடியும் எதனோடும் இயையாமல் சும்மா நிற்கும். இதை அ – ஆ – இ – ஆ என்று குறிக்கலாம். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் அந்த இரண்டு அடிகளும் இயைகின்றன என்று பொருள். அடிகளின் நீளமும் மாறி மாறி வரும். ஒற்றைப்படை அடிகளில் நான்கு தாளத் தட்டு, இரட்டைப்படை அடிகளில் மூன்று தட்டு.

இந்த அமைப்பு கதைக்கும் நினைவுக்கும் எப்படி உதவுகிறது என்பதை, தமிழிலேயே ஒரு சின்னக் கதைப்பாடலை எழுதிப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். தட்டு என்பதைத் தமிழில் சீர் என்று எடுத்துக்கொள்வோம். நாற்சீர் அடி ஒன்று, முச்சீர் அடி ஒன்று, அப்புறம் மறுபடியும் அதே மாதிரி இரண்டு.

கதை எளிமையானது. ஏழு நாள் மழை. ஆற்றில் வெள்ளம். இரவில் அக்கரையிலிருந்து யாரோ விளக்கை ஆட்டி அழைக்கிறார்கள். ஓடக்கார மகன் கிளம்புகிறான். தாய் தடுக்கிறாள். அவன் போகிறான், திரும்பவில்லை.

முதல் வேலை: கதையைக் கண்ணிகளாக நறுக்குவது

ஒரு கண்ணிக்கு ஒரு நிகழ்ச்சி போதும். ஒரு கண்ணிக்குள் இரண்டு நிகழ்ச்சிகளைத் திணித்தால் இயைபு எதை முடித்துவைக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும். நம் கதையை ஐந்தாக நறுக்குகிறேன்: அழைப்பு, தாயின் தடை, நட்டாறு, விடிந்த காலை, தாய் திரும்பி வருவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் “இந்தக் கண்ணி முடியும்போது கேட்பவர் கண்முன் என்ன நிற்க வேண்டும்” என்று தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பொருளாகவோ ஆளாகவோ இடமாகவோ இருக்கட்டும். “சோகம்” என்று எழுதிவைத்தால் பயன் இல்லை. “கவிழ்ந்த ஓடம்” என்று எழுதினால்தான் அடுத்த வேலை நடக்கும்.

முதல் கண்ணி இப்படி வந்தது:

மழையோ விடாமல் ஏழு நாளாய்
மண்ணை அடித்த இரவு;
அக்கரை இருளில் விளக்கை ஆட்டி
அழைத்தது ஏதோ உறவு.

வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பாருங்கள். “நாளாய்” என்ற இடத்தில் குரல் நிற்பதில்லை, அடுத்த அடிக்குள் ஓடுகிறது. “இரவு” என்ற இடத்தில் ஒரு சீர் குறைவதால் தானாக ஒரு மூச்சு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில்தான் “ரவு” என்ற ஓசை காதில் தங்குகிறது. அப்புறம் மூன்றாம் அடி எங்கே போகும் என்று தெரியாது, ஏனென்றால் அது எதனோடும் இயைய வேண்டியதில்லை. நான்காம் அடியில் “உறவு” வந்ததும், காத்திருந்த காது இளைப்பாறுகிறது. கண்ணி மூடிக்கொண்டது என்று யாரும் சொல்லாமலே புரிகிறது. (ர, ற இரண்டும் இலக்கணப்படி வேறு வேறு எழுத்துகள். காதால் மட்டும் கேட்கும் பாட்டில் இந்த நெருக்கம் போதும் என்பது என் தீர்ப்பு. கறாராக எழுதுபவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.)

ஆக, இந்த அமைப்பில் இயைபு ஒரு சின்னக் காத்திருப்பை உண்டாக்குகிறது. இரண்டாம் அடியில் கேள்வி எழுகிறது, நான்காம் அடியில் பதில் வருகிறது. நடுவில் உள்ள மூன்றாம் அடி, அந்தக் காத்திருப்பின் முதுகில் ஏறிக் கதையை முன்னே தள்ளுகிறது. இருளில் விளக்கு ஆடுவது என்ற புதுச் செய்தி அங்கேதான் வந்திருக்கிறது.

மற்ற அமைப்புகளில் இது நடப்பதில்லை. இரண்டிரண்டு அடியாக இயைத்தால் (அ – அ – ஆ – ஆ) காத்திருப்பு ஒரு அடியிலேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஈரடியும் தனித்தனிப் பெட்டியாக மூடிக்கொள்ளும். பழமொழிக்கும் நையாண்டிக்கும் அது பொருந்தும், ஓடும் கதைக்கு அடிக்கடி தடையாகும். ஒன்றுவிட்டு ஒன்று இயைத்தால் (அ – ஆ – அ – ஆ) காத்திருப்பு கிடைக்கும், ஆனால் விலை இரண்டு மடங்கு. இருபது கண்ணிப் பாட்டுக்கு இருபது இணைச் சொற்கள் போதும் என்ற இடத்தில் நாற்பது இணை தேட வேண்டியிருக்கும். கதையைச் சுமக்க வேண்டிய முதலாம், மூன்றாம் அடிகளும் ஓசைக்குக் கட்டுப்பட்டுவிடும்.

இரண்டாவது வேலை: நான்காம் அடியை முதலில் எழுதுவது

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லியிருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும். கண்ணியை மேலிருந்து கீழாக எழுதாதீர்கள். எழுதினால் இரண்டாம் அடி விருப்பம்போல் ஒரு சொல்லில் முடிந்துவிடும். பிறகு அதற்கு இயையும் சொல்லைத் தேடி நான்காம் அடி தடுமாறும். கண்ணியின் கனமான இடமே நான்காம் அடியின் கடைசிச் சொல்தான். கனமான இடத்தில் கைக்குக் கிடைத்த சொல்லைப் போட்டால் பாட்டு அங்கேயே சரியும்.

விடிந்த காலைக் கண்ணியைப் பார்ப்போம். தாளில் “கவிழ்ந்த ஓடம்” என்று எழுதிவைத்தேன் அல்லவா, அதை அப்படியே கடைசியில் வைத்தேன்: “தொலைவில் கவிழ்ந்த ஓடம்.” மூன்று சீர் சரியாக இருக்கிறது. இனி இரண்டாம் அடிக்கு “டம்” என்று முடியும், அதற்கு முன் நெடில் உள்ள சொல் வேண்டும். பாடம், வேடம், மாடம், கூடம் என்று எழுதிக்கொண்டேன்.

ஒவ்வொன்றையும் கதையோடு ஒட்டிப் பார்த்தேன். “பாடம்” வந்தால் பாட்டு புத்தி சொல்லத் தொடங்கிவிடும், மகன் செத்த கண்ணியில் அது வேண்டாம். “வேடம்” இந்தக் கதையில் யாரும் போடவில்லை. “மாடம்” கொஞ்சம் ஆசை காட்டியது, விளக்கு மாடம் என்று வைக்கலாம். ஆனால் அக்கரையில் ஏற்கெனவே ஒரு விளக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு விளக்கு வந்தால் கேட்பவர் குழம்புவார். “கூடம்” கதைக்குள் இருக்கும் பொருள். தாய் இரவு முழுக்கக் கரையில் நின்றாள், எனவே வீட்டுக் கூடம் காலியாகத்தான் இருக்கும்.

வெள்ளம் வடிந்து விடிந்த காலை
வெறிச்சென இருந்தது கூடம்;
துடுப்பு மட்டும் கரையில் ஒதுங்க,
தொலைவில் கவிழ்ந்த ஓடம்.

கூடம் என்றதும் வீட்டின் வெறுமை. ஓடம் என்றதும் அந்த வெறுமைக்குக் காரணம். இயைபு இரண்டு இடங்களையும் ஒரு முடிச்சில் கட்டிவிட்டது. “அவன் போனதால் வீடு வெறிச்சோடியது” என்று நான் எழுத வேண்டியிருக்கவில்லை. இயைபு கதை சொல்வது இப்படித்தான்: எந்த இரண்டு பொருள்களைக் கேட்பவர் சேர்த்து நினைக்க வேண்டுமோ, அவற்றை இயைபின் இரு முனைகளில் வைப்பது.

தாயின் தடையைச் சொல்லும் கண்ணியில் இது இன்னும் கூர்மையாக அமைந்தது:

ஓடக் கயிற்றை அவிழ்த்தான் மகன்;
ஓடி வந்தாள் தாய்;
“வெள்ளம் வடியும் வரைக்கும் பொறுடா,
விழுங்கும் ஆற்றின் வாய்!”

மகனுக்காக இழுபறி செய்யும் இரண்டு சக்திகள் இந்தப் பாட்டில் உண்டு. ஒன்று தாய், இன்னொன்று ஆறு. அவை இரண்டும் ஒரே ஓசையில் எதிரெதிரே நிற்கின்றன.

இரண்டாம் அடியில் ஓசைக்காக மட்டும் ஒரு சொல் நுழைந்திருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் வேறு ஏதாவதாக மாற்றிக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கதையில் ஒன்றுமே மாறவில்லை என்றால் அந்தச் சொல் ஓசைக்கு வந்த விருந்தாளி. திடீரென்று நிலா, மான், தேன், வானம் என்று பாட்டில் முளைப்பவற்றில் பாதி இப்படி வந்தவைதான்.

தமிழில் வரும் ஒரு கண்ணி வெடி: “ஆன்” விகுதி

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலக் கதைப்பாடல் பற்றிய குறிப்புகளைப் படித்துவிட்டு எழுத வரும் தமிழர்கள் பலரும் இடறும் இடம் இது.

தமிழ் வாக்கியம் பொதுவாக வினையில் முடிகிறது. ஒருவனைப் பற்றிக் கதை சொன்னால் வினை எல்லாம் “ஆன்” என்று முடியும், ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் “ஆள்”. எனவே ஒன்றும் செய்யாமலே எல்லா அடிகளும் இயைந்துவிடும்:

அம்மா சொன்னதைக் கேட்காமல் வந்தான்,
ஆற்றின் கரையில் நின்றான்;
கயிற்றை அவிழ்த்தான், துடுப்பை எடுத்தான்,
கலங்காமல் உள்ளே சென்றான்.

மேலோட்டமாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, நாலு அடியும் “ஆன்” என்றே முடிவதால் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் தனித்துக் கேட்பதில்லை. எங்கே காத்திருக்க வேண்டும், எங்கே முடிகிறது என்ற அடையாளம் அழிந்துபோகிறது. இரண்டாவது குறை நினைவில் தெரியும். “நின்றான்” மறந்துபோனால் பாடுபவர் “வந்தான்” என்பார், “பார்த்தான்” என்பார், “இருந்தான்” என்பார். ஓசை உடையாது. உடையாததால் தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. நாலு பேர் வாய் மாறுவதற்குள் கண்ணி வேறு கதையாகிவிடும்.

பாட்டு ஏன் நினைவில் நிற்கிறது என்பதற்கு அடிப்படை இதுதான். டேவிட் ரூபின் என்ற உளவியலாளர், வாய்மொழி மரபுகளில் நினைவு எப்படி வேலை செய்கிறது என்று 1995இல் ஒரு நூல் எழுதினார். காவியம், கதைப்பாடல், சிறுவர்கள் விளையாட்டில் ஆள் எண்ணும் பாட்டு ஆகிய மூன்றும் அதில் ஆராயப்படுகின்றன. பொருள், ஓசை, தாளம், காட்சி எனப் பல கட்டுப்பாடுகள் ஒன்று சேர்வதால்தான் இவை அவ்வளவாகச் சிதையாமல் கைமாறி வருகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். தனித்தனியே ஒவ்வொரு கட்டுப்பாடும் பலவீனமானது. சேரும்போது தேர்வுக்கு இடமே இருப்பதில்லை.

நீங்களே செய்து பார்க்கலாம். “ஆற்றைக் கடக்க உதவுவது எது?” என்று ஒருவரிடம் கேளுங்கள். பாலம் என்பார், படகு, தோணி, பரிசல், ஓடம் என்று பல பதில் வரும். இன்னொருவரிடம் “கூடம் என்பதோடு இயையும் சொல் ஒன்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மாடம், பாடம், வேடம் என்று அங்கேயும் பல பதில் வரும். மூன்றாமவரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: ஆற்றைக் கடக்க உதவும், கூடத்தோடு இயையும். ஓடம் என்பதைத் தவிர வேறு சொல் அவருக்கு வருவது கடினம். விடிந்த காலைக் கண்ணியைப் பாடுபவர் நான்காம் அடியில் திக்கினால், அவர் மனம் இதே கணக்கைத்தான் போடும், ஓடத்தில் வந்து நிற்கும்.

“ஆன்” இயைபு இந்தக் கணக்குக்கு உதவாது. “ஆன் என்று முடியும் வினை” என்ற குறிப்பு நூற்றுக்கணக்கான வினைகளை உள்ளே விட்டுவிடும். கட்டுப்பாடு என்று பெயருக்குத்தான் இருக்கும்.

தீர்வு, இயைபு விழும் இரண்டு அடிகளையும் பெயர்ச்சொல்லில் முடிப்பது. “தாய் ஓடி வந்தாள்” என்பதை “ஓடி வந்தாள் தாய்” என்று திருப்புவது. பேச்சிலேயே நாம் இப்படித் திருப்பிப் பேசுகிறோம், எனவே செயற்கையாகத் தோன்றாது. வினையை முதலாம், மூன்றாம் அடிகளுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே “அவிழ்த்தான்” என்றோ “ஒதுங்க” என்றோ எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே எச்சரிக்கை: முதலாம், மூன்றாம் அடிகள் இரண்டுமே தற்செயலாக “ஆன்” என்று முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பவர் காது அதையும் இயைபாக எண்ணிக்கொள்ளும்.

அடியின் தொடக்கத்துக்கும் ஒரு பிடி

இயைபு அடியின் கடைசியில் உதவும். ஆனால் பாடுபவர் திணறுவது பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில். முதல் சொல் கிடைத்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். இங்கே தமிழிடம் ஒரு சொத்து இருக்கிறது: மோனையும் எதுகையும். அடிகளின் முதல் எழுத்து ஒன்றிவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை.

மேலே உள்ள கண்ணிகளை மறுபடி பாருங்கள். மழையோ – மண்ணை, அக்கரை – அழைத்தது, ஓடக் – ஓடி, வெள்ளம் – விழுங்கும். முதலாம் அடியின் முதல் எழுத்து இரண்டாம் அடியை எடுத்துக்கொடுக்கிறது. மூன்றாம் அடியின் முதல் எழுத்து நான்காம் அடியை எடுத்துக்கொடுக்கிறது. இரண்டாம் அடியின் கடைசி, நான்காம் அடியின் கடைசியை எடுத்துக்கொடுக்கிறது.

கவனித்தால் ஓர் இடம் மட்டும் பிடியில்லாமல் இருக்கும். இரண்டாம் அடியிலிருந்து மூன்றாம் அடிக்குப் போகும் இடம். அங்கே மோனையும் இல்லை, இயைபும் இல்லை. நான் எழுதியவற்றைப் பிறர் பாடிக் கேட்டபோது அவர்கள் நின்ற இடமும் அதிகமாக அதுதான். அந்த இடத்தைக் கதையால்தான் கட்ட வேண்டும். இரண்டாம் அடி முடிந்ததும் கேட்பவர் மனத்தில் “அப்புறம்?” என்ற கேள்வி எழ வேண்டும், மூன்றாம் அடி அதற்கு நேரடியாக விடை சொல்ல வேண்டும். “ஓடி வந்தாள் தாய்” என்றால் அடுத்து அவள் பேசத்தான் போகிறாள். அதனால் மூன்றாம் அடி பேச்சில் தொடங்குவது தானாக நினைவுக்கு வரும். இரண்டாம் அடி வெறும் வருணனையில் முடிந்து, மூன்றாம் அடியில் இடமோ நேரமோ தாவினால், அங்கே மறதி விழும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தில் அமைப்பை நீட்டுவது

நாலடியும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தால், எட்டுப் பத்துக் கண்ணிகளில் காது பழகிவிடும். நான்காம் அடியில் முடியும் என்று தெரிந்த பிறகு காத்திருப்பின் கூர்மை குறையும். கதையின் மிக முக்கியமான இடத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1798இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் முதிய மாலுமி பற்றிய கதைப்பாடல் இதைச் செய்கிறது. பெரும்பாலும் நாலடியாக நடக்கும் அந்தப் பாட்டில் சில கண்ணிகள் ஐந்தாகவும் ஆறாகவும் நீளும், ஒரு கண்ணி ஒன்பது அடி வரை போகும். ஐந்தடியாக நீட்டும்போது அ – ஆ – இ – இ – ஆ என்ற அமைப்பு இயல்பாகக் கிடைக்கிறது. நான்காம் அடியில் வர வேண்டிய இயைபு வராமல், மூன்றாம் அடியோடு இயையும் இன்னோர் அடி குறுக்கே வந்து விழுகிறது. கேட்பவர் ஓர் அடி கூடுதலாக மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

நட்டாற்றுக் கண்ணிக்கு இதை வைத்தேன்:

நட்டாற்றில் ஓடம் சுழன்று திரும்ப
நழுவிப் போனது துடுப்பு;
அக்கரை தெரிந்தது விளக்கின் ஆட்டம்,
இக்கரை தெரிந்தது தாயின் ஓட்டம்,
அணைந்தது காற்றில் நெருப்பு.

நான்காவதாக வந்த அடி அவனை இரண்டு கரைக்கும் நடுவே ஒரு கணம் நிறுத்திவைக்கிறது. இயைபு தாமதமாவதும் அவன் தவிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஐந்தாம் அடியில் வரும் “நெருப்பு” அந்தத் தவிப்பை முடிக்கிறது. சுமார் இருபது கண்ணிகளில் இரண்டு இடங்களுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். மூன்றாவது முறை செய்தால் காது அதையும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

ஒரே இயைபை எங்கே திரும்பக் கொண்டுவரலாம்

பொதுவான விதி, பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளில் ஒரே இயைபு ஓசையைப் போடக் கூடாது என்பது. போட்டால் பாடுபவர் முதல் கண்ணியின் இரண்டாம் அடியிலிருந்து அடுத்த கண்ணியின் நான்காம் அடிக்குத் தாவிவிடுவார், நடுவில் உள்ள நிகழ்ச்சி காணாமல் போகும். பாடும்போது ஒரு கண்ணி முழுதாக விடுபட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆனால் நல்ல இடைவெளி விட்டு, அதே இணையை வேண்டுமென்றே திரும்ப அழைக்கலாம். பழைய கதைப்பாடல்களில் ஒரு கண்ணி சற்றே மாறித் திரும்பத் திரும்ப வருவது வழக்கம். மாறிய சொல்லில் கதை நகர்ந்திருக்கும். கடைசிக் கண்ணியில் தாய் – வாய் இணையை மறுபடி கொண்டுவந்தேன்:

ஓடிய கரையில் நடந்து வந்தாள்
ஓய்ந்து போன தாய்;
வெள்ளம் வடிந்து தெளிந்த ஆற்றின்
விழுங்கி மூடிய வாய்.

முன்னால் “ஓடி வந்தாள் தாய்”, இப்போது “ஓய்ந்து போன தாய்”. முன்னால் “விழுங்கும்”, இப்போது “விழுங்கி மூடிய”. கேட்பவர் “தாய்” என்றதுமே “வாய்” வரப்போகிறது என்று அறிந்துவிடுகிறார். அறிந்ததால்தான் வருவது வலிக்கிறது. மகன் இறந்தான் என்ற சொல் பாட்டில் எங்கேயும் இல்லை. இந்த இரண்டு கண்ணிகளுக்கும் நடுவே இங்கே இரண்டே கண்ணிகள்தான் உள்ளன. நிகழ்ச்சிகளைப் பெருக்கி நீண்ட பாட்டாக எழுதினால் இன்னும் தள்ளிவைக்கலாம். நெருக்கினால் மேலே சொன்ன தாவல் ஆபத்து வந்துவிடும்.

கடைசி வேலை: இன்னொருவர் வாயில் விட்டுப் பார்ப்பது

எழுதியவர் தன் பாட்டைத் தானே சோதிக்க முடியாது, அவருக்கு அது மனப்பாடம். தாளைக் காட்டாமல் ஒருவருக்கு மூன்று முறை பாடியோ படித்தோ காட்டுங்கள். மறுநாள் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். எடுத்துக்கொடுக்காதீர்கள், திருத்தாதீர்கள், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயைபுச் சொல் மாறியிருந்தால், அந்த இணை பலவீனமானது, பெரும்பாலும் விகுதி இயைபாக இருக்கும். நான்காம் அடி வந்து இரண்டாம் அடி தொலைந்திருந்தால், அங்கே ஓசைக்கு வந்த விருந்தாளி இருக்கிறான், கதைக்கு அவன் தேவைப்படவில்லை என்பதால் நினைவு அவனை வெளியே அனுப்பிவிட்டது. கண்ணிகளின் வரிசை மாறியிருந்தால் குறை இயைபில் இல்லை, நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை என்று பொருள். அதை ஓசையால் சரிசெய்ய முடியாது.

முதலாம், மூன்றாம் அடிகளின் நடுவே சொற்கள் மாறியிருந்தால் கவலைப்பட வேண்டாம். வாய்வழிப் பாட்டில் அந்த இடங்கள் இளகியவை, பாடுபவர் தன் சொல்லைப் போட்டுக்கொள்வார்.

சில சமயம் அவர் போட்ட சொல் உங்களுடையதைவிட நன்றாக இருக்கும். இந்தப் பாட்டை ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டு மறுநாள் கேட்டேன். கூடமும் ஓடமும் அசையாமல் வந்தன, தாயும் வாயும் வந்தன. “தொலைவில் கவிழ்ந்த ஓடம்” என்ற அடியை மட்டும் அவர் “தூரத்தில் கவிழ்ந்த ஓடம்” என்றார். “துடுப்பு” என்று தொடங்கும் மூன்றாம் அடிக்கு “தொலைவில்” என்பதைவிட “தூரத்தில்” இன்னும் நெருங்கிய மோனை. சொல்லும் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் தாளில் இப்போது அவர் சொல்தான் இருக்கிறது.